குழந்தை வாயில் வெண்படலம்: ஜெல்லை எவ்வளவு, எப்போது, எப்படித் தடவுவது?

கைக்குழந்தையின் நாக்கு வெள்ளையாக இருந்தாலே அது நோய் என்று நினைத்துவிட வேண்டாம். பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு நாக்கின் நடுவில் மெல்லிய வெள்ளைப் படிவு இருப்பது சகஜம். பால் குடித்து ஒரு மணி நேரம் ஆனதும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை விரலில் சுற்றி மெதுவாக ஒற்றிப் பாருங்கள். துடைத்ததும் போய்விட்டால் அது பால். போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அல்லது கொஞ்சம் பெயர்ந்து அடியில் சிவந்த தோல் தெரிந்தால், அது த்ரஷ் எனப்படும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இன்னொரு அடையாளமும் உண்டு. பால் நாக்கோடு நின்றுவிடும். பூஞ்சை உள்கன்னம், உதட்டின் உட்புறம், ஈறு, மேலண்ணம் என்று திட்டுத் திட்டாகப் பரவும். கீழுதட்டை மெல்ல மடக்கிப் பார்த்தால் உடைந்த தயிர் ஒட்டினாற்போல் தெரியும். சந்தேகம் வந்தால் மறுபடி மறுபடி சுரண்டிப் பார்க்காதீர்கள். அந்த இடம் புண்ணாகி ரத்தம் கசியும், குழந்தை பால் குடிக்கவே அழும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சைதான். பெரியவர்கள் பலருடைய வாயிலும் தோலிலும் இது தொந்தரவு தராமல் வாழ்கிறது. கைக்குழந்தையின் எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுதாக வளராததால் அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. சளிக்கோ காதுவலிக்கோ ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு வருவதும் அடிக்கடி நடப்பதுதான். பூஞ்சையை அடக்கி வைத்திருந்த நல்ல கிருமிகளும் அந்த மருந்தில் அழிந்துவிடுகின்றன.

மருத்துவர்கள் எழுதித்தரும் மருந்துகளில் ஒன்று மைக்கோனசோல் 2 சதவீத வாய் ஜெல். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். இந்த ஜெல் வேலை செய்யும் விதத்தை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். இது காய்ச்சல் மருந்துபோல் வயிற்றுக்குள் போய் வேலை செய்ய வேண்டிய மருந்து அல்ல. வெண்திட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறதோ அவ்வளவு நேரம்தான் பூஞ்சையைத் தாக்குகிறது. விழுங்கிவிட்டால் அதன் வேலை அநேகமாக முடிந்தது. எவ்வளவு தடவுவது, எங்கே தடவுவது, பாலுக்கு முன்பா பின்பா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இதில் அடங்கியிருக்கிறது.

அளவுக்குப் போகும் முன் வயதைப் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் இந்த ஜெல்லுக்கு அனுமதி இருப்பது 4 மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு மட்டும்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் 5, 6 மாதம் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். சில நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்குமே 6 மாதம் என்று வைத்திருக்கிறார்கள். மருந்து நஞ்சு என்பதால் அல்ல. ஜெல் கெட்டியாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால், விழுங்கும் பழக்கம் இன்னும் சீராக வராத குழந்தைக்கு அது தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடலாம். ஒரு மாதக் குழந்தைக்கு இதைச் சில மருத்துவர்கள் எழுதுவதும் உண்டு. அப்போது எவ்வளவு, எப்படி என்று அவர் சொல்வதை மட்டுமே கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் மிச்சமான டியூபை வாங்கித் தடவும் வேலை வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு நிஸ்டாட்டின் சொட்டு மருந்து போலத் தண்ணீராக இருக்கும் மருந்துகள் இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் குளோட்ரிமசோல் மவுத் பெயின்ட் நிறையப் புழங்குகிறது. அவற்றின் அளவு வேறு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

சரி, அளவு. 4 மாதம் முதல் 2 வயது வரை, ஒரு வேளைக்கு 1.25 மில்லி, ஒரு நாளைக்கு 4 வேளை. இது பிரிட்டனில் மருந்தோடு வரும் தாளில் இருக்கும் அளவு. உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. 1.25 மில்லி என்றால் 5 மில்லி அளவுக் கரண்டியில் கால் பங்கு. பெட்டியில் கரண்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சமையலறை டீஸ்பூனை நம்பாதீர்கள், அது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவில் இருக்கும். மருந்துக்கடையில் 2 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, ஊசியைக் கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பின்னாலிருக்கும் தண்டை முழுதாக உருவி, குழாய்க்குள் டியூபிலிருந்து ஜெல்லைப் பிதுக்கி, தண்டைத் திரும்பச் சொருகிக் காற்று போகும்வரை தள்ளுங்கள். 1.2க்கும் 1.3க்கும் நடுவில் கோடு நின்றால் போதும். சிரிஞ்சு அளப்பதற்கு மட்டும்தான். அதைக் குழந்தையின் வாய்க்குள் விட்டு அழுத்திவிடக் கூடாது. ஜெல் நேராகத் தொண்டைக்குப் போய்விடும்.

1.25 மில்லியும் ஒரே தடவையில் வாய்க்குள் போகக் கூடாது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் ஒட்ட வெட்டிய சுட்டுவிரலில் ஒரு துவரம்பருப்பு அளவு மட்டும் எடுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்காமல் மடியில் சாய்வாக உட்கார வையுங்கள், தலை உங்கள் முழங்கையில் இருக்கட்டும். விரலை வாயோரமாக நுழைத்து, முதலில் ஒரு பக்க உள்கன்னத்தில் தேய்க்காமல் பூசுங்கள். குழந்தை சப்புக்கொட்டி அதை வாயில் பரப்பும். அது ஒரு தடவை விழுங்கி முடிக்கும்வரை பொறுத்து, அப்புறம் அடுத்த கன்னம், கீழ் ஈறு, உதட்டின் உட்புறம், நாக்கின் முன்பாதி என்று ஒவ்வொன்றாகப் போகலாம். நாக்கின் பின்பாதிக்கும் தொண்டைப் பக்கத்துக்கும் விரல் போகவே கூடாது. அங்கே வெள்ளை தெரிந்தாலும் சரி, முன்னால் பூசியதே எச்சிலோடு கலந்து கொஞ்சம் அங்கே போய்ச் சேரும். முழுசும் பூச 3, 4 நிமிடம் ஆகும்.

இவ்வளவு சொல்வது பயமுறுத்த அல்ல, ஆனால் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இருமிக்கொண்டோ சத்தமாக அழுதுகொண்டோ இருந்தால் காற்று போகிறது, இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால், குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்வாக இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்ட வேண்டும். அதில் சரியாகாவிட்டால் திருப்பிப் போட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். கூட இருப்பவர் அதற்குள் 108க்கு அழைக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் ஜெல் இன்னும் உள்ளே போகும்.

நேரத்துக்கு வருவோம். பாலுக்கு முன் தடவினால் அடுத்த நிமிடமே பால் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் பாலுக்குப் பின் என்கிறார்கள். ஆனால் பால் குடித்து முடித்த கையோடு வாயில் விரலை விட்டால் குழந்தை ஓங்கரித்துக் குடித்த பாலையும் கக்கிவிடும். நடைமுறையில் சரியாக வருவது இதுதான்: பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, ஒரு 15 நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருந்துவிட்டு ஜெல்லைத் தடவுங்கள். தடவிய பிறகு அரை மணி நேரமாவது பால், தண்ணீர், சூப்பான் எதுவும் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் பாலோடு ஜெல்லைக் கலந்து கொடுப்பது வீண். மருந்து திட்டின் மேல் நிற்காமல் நேரே வயிற்றுக்குப் போகும், நிப்பிளின் துளையும் அடைபடும்.

ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம். 5 மாதம், நிறைமாதத்தில் பிறந்தது. காதுவலிக்கு ஆன்டிபயாட்டிக் முடித்த நான்காம் நாள் இரு கன்னத்திலும் வெள்ளைத் திட்டு. அம்மா வேலைக்குப் போகிறார். காலையும் மாலையும் இரவும் தாய்ப்பால், பகலில் இரண்டு வேளை, பிழிந்து வைத்த பாலைப் பாட்டி பாட்டிலில் கொடுக்கிறார். பால் நேரம் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 9, அப்புறம் நடுராத்திரியில் ஒரு தடவை. இதில் ஜெல் போடுவது 6, 10, 2, 6 மணிப் பாலுக்குப் பிறகு. குடித்து முடிக்க 15, 20 நிமிடம், ஏப்பமும் நிமிர்த்திப் பிடிப்பதும் இன்னொரு 15 நிமிடம். ஆக ஜெல் தடவும்போது மணி ஆறரையைத் தாண்டியிருக்கும். இரவு 9 மணிப் பாலுக்குப் பின் ஏன் இல்லை? அந்த வேளையில் குழந்தை குடிக்கும்போதே தூங்கிவிடுகிறது. தூங்கும் குழந்தையின் வாயில் ஜெல் வைப்பது ஆபத்து, அது விழுங்காது. நான்கு வேளையும் பகலிலேயே முடிந்துவிடுவதால் ராத்திரியில் யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு வழக்கமான அளவே போதும், இரட்டிப்பாகப் போட வேண்டாம். பகல் இரண்டு வேளையும் பாட்டி கையில் என்பதால், அளக்கும் விதத்தை அவருக்கு ஒரு தடவை செய்தே காட்டிவிட வேண்டும்.

இப்போது டியூபைக் கணக்குப் பண்ணுவோம். ஒரு நாளைக்கு 1.25 மில்லி வீதம் நான்கு வேளை என்றால் 5 மில்லி. இந்த ஜெல் தண்ணீரைவிடக் கனமானது, 5 மில்லி கிட்டத்தட்ட 6 கிராம் வரும். 15 கிராம் டியூப் இரண்டரை நாளில் தீர்ந்துவிடும்! முதல் டியூபே பத்து நாள் வருகிறது என்று யாராவது சொன்னால், அவர்கள் நாக்கில் ஒரு பொட்டு வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு ‘ஜெல் கேட்கவில்லை’ என்று மருந்தை மாற்றச் சொல்வதும் நடக்கிறது. மருத்துவர் குறைந்த அளவு எழுதியிருந்தால் டியூப் நிச்சயம் கூடுதல் நாள் வரும். அதனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, எப்போது நிறுத்துவது. மேலே சொன்ன குழந்தைக்கு மூன்றாம் நாள் திட்டுகள் மெலிந்து, ஐந்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லோரும் நிறுத்திவிடத் துடிக்கும் நாள் அதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை போன பிறகு இன்னும் 7 நாளாவது தடவ வேண்டும். ஆக மொத்தம் 12 நாள், 15 கிராம் டியூப் ஐந்து தேவைப்படும். ஐந்தாம் நாளே நிறுத்தினால், தோலோடு ஒட்டி மிச்சமிருக்கும் பூஞ்சை ஓரிரு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லப்படும் பல த்ரஷ் உண்மையில் முதல் தடவை முழுதாகப் போகாத த்ரஷ்தான் என்பது என் அபிப்பிராயம்.

குழந்தையின் வாயை மட்டும் பார்த்தால் போதாது. தாய்ப்பால் கொடுப்பவருக்கு முலைக்காம்பு சிவந்து மினுமினுப்பாகவோ, பால் கொடுத்த பிறகும் எரிச்சலாகவோ குத்தலாகவோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பூஞ்சை வாயிலிருந்து காம்புக்கும் காம்பிலிருந்து வாய்க்கும் மாறி மாறிப் போகும், அதனால் இருவருக்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் நடக்க வேண்டும். தாய்க்குத் தருவது தோலில் போடும் வேறு கிரீம். வாய் ஜெல்லைக் காம்பில் தடவிக் குழந்தையைச் சப்பவிடுவது கூடாது. அளவும் தெரியாது, கட்டியாகத் தொண்டைக்குப் போகும். வலி பொறுக்க முடிந்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. அரையிடுக்கில் சிவந்த தடிப்பும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகளும் இருந்தால் அதுவும் இதே பூஞ்சையாக இருக்கலாம். வாயில் போடும் ஜெல் அங்கே எட்டாது, தனி கிரீம் வேண்டும்.

பாட்டில் விஷயம் இதன் தொடர்ச்சிதான். வாயில் மருந்து போட்டுக்கொண்டே, பூஞ்சை ஒட்டியிருக்கும் நிப்பிளை ஒரு நாளைக்கு இரண்டு தடவை அதே வாயில் வைத்தால் 12 நாளும் வீணாகப் போகும். கேண்டிடா ரப்பரிலும் சிலிகானிலும் படலமாகப் படியக்கூடியது. வெறுமனே தண்ணீரில் அலசினால் அந்தப் படலம் போகாது, தேய்த்தால்தான் போகும். குழந்தை குடித்து முடித்ததும் மிச்சப் பாலைக் கொட்டிவிட்டு பாட்டிலைப் பாகம் பாகமாகக் கழற்றுங்கள். மூடி வளையத்தின் மரையிலும், நிப்பிள் வளையத்தில் பொருந்தும் விளிம்பிலும்தான் பால் காய்ந்து மறைந்திருக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரையும் சிங்க்கையும் விட்டுவிட்டு, இதற்கென்று ஒரு பேசின், ஒரு பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். சுடுநீரும் சோப்புமாகத் தேய்த்து, நிப்பிளை உள்வெளியாகப் புரட்டியும் தேய்த்து, துளை வழியே தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள்.

கழுவிய பிறகு கொதிக்க வைப்பது. பாத்திரத்தில் எல்லாம் முழுதாக மூழ்க வேண்டும். பாட்டிலுக்குள் காற்று நின்றால் அந்த இடம் வேகாது, சாய்த்து நிரப்புங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 10 நிமிடம். இடுக்கியால் எடுத்து, சுத்தமான தட்டில் கவிழ்த்துத் தானாகக் காயவிடுங்கள். கைத்துண்டால் துடைத்தால் துண்டில் இருப்பதெல்லாம் திரும்ப ஏறிவிடும். மருந்து போடும் நாட்கள் முழுக்கத் தினமும் இதைச் செய்ய வேண்டும். சூப்பான், பல் முளைக்கும் குழந்தை கடிக்கும் வளையம், ஜெல் அளக்கும் கரண்டி எல்லாம் இதே கணக்கில் வரும். சிரிஞ்சு கொதிநீரில் நெளிந்துவிடும், அதை ஒவ்வொரு வேளையும் பிரித்துச் சோப்பில் கழுவிக் காயவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிது மாற்றினால் போதும். அடிக்கடி கொதிக்கும் நிப்பிள் சீக்கிரம் பிசுபிசுத்துக் கீறல் விடும். கீறலுக்குள் பிரஷ் போகாது, தூக்கிப் போட்டுவிடுங்கள். ஜெல் முடியும் நாளில் நிப்பிளையும் சூப்பானையும் புதிதாக மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

நம் வீடுகளில் பாலாடையும் சங்கும் பாட்டிலைவிடச் சுத்தம் செய்ய எளிது. மூடிய மூலையோ மரையோ எதுவும் இல்லை. கைக்குழந்தைக்கு பாட்டிலைவிடக் கிண்ணமும் பாலாடையும் மேல் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வெள்ளிச் சங்கு என்பதற்காக அதை அலசிவிட்டுக் கவிழ்த்து வைத்தால் போதாது. மூக்குப் பகுதியில் பால் காய்ந்திருக்கும், அதையும் தேய்த்துக் கொதிக்க வைக்க வேண்டும். பவுடர் பால் கரைத்தது குழந்தை வாய் வைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பிழிந்த தாய்ப்பாலை ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை சாகாது, அதனால் த்ரஷ் இருக்கும் நாட்களில் பிழிந்ததை மாதக்கணக்கில் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது கொடுத்துவிடுவது மேல்.

வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் பழைய வைத்தியம் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. பாட்டிமேல் கோபப்பட வேண்டாம், அவர்கள் காலத்தில் இருந்தது அதுதான். ஆனால் செய்யவும் விட வேண்டாம். வெங்காரம் என்பது போராக்ஸ். அதைத் தேனில் கலந்து கொடுத்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. தேனோ, ஒரு வயதுக்குள் போட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய்க்கு வழிவிடக்கூடியது. துணியால் சுரண்டி எடுப்பதும் வேண்டாம். ஜெல் தடவினால் திட்டு தானே மெலிந்து உதிரும்.

ஜெல் போடும்போது சில குழந்தைகள் கொஞ்சம் வாந்தி எடுக்கும், மலம் இளகும். தடவிய உடனே கக்கிவிட்டால் மறுபடி போட வேண்டாம், அடுத்த வேளைக்கு ஏப்பம் எடுத்துக் கூடுதல் நேரம் பொறுத்துப் போடுங்கள். ஏதாவது ஒரு மருந்து ஏற்கெனவே ஓடுகிறதென்றால், முக்கியமாக வலிப்புக்கான ஃபெனிடாயின் போல, முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மைக்கோனசோல் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து அந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும். கல்லீரல் கோளாறு உள்ள குழந்தைக்கு இந்த ஜெல் கிடையாது.

சரியாக அளந்து, சரியாகத் தடவி, 7 நாள் ஆகியும் திட்டு குறையவில்லை என்றால் திரும்பக் காட்ட வேண்டும். அதற்கு முன்பே போக வேண்டியது குழந்தை பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், காய்ச்சல் வந்தால், அல்லது குழந்தைக்கு 4 மாதம் ஆகாதிருந்தால். அடங்கி அடங்கித் திரும்பத் திரும்ப வந்தாலும், ஒரு வயதுக்குப் பிறகு காரணமில்லாமல் வந்தாலும், எதிர்ப்புச் சக்தியில் கோளாறு இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். போகும்போது டியூபையும் அளக்கும் கரண்டியையும் கையோடு எடுத்துப்போய், இத்தனை நாளில் இவ்வளவு தீர்ந்தது என்று காட்டுங்கள். மருந்து கேட்கவில்லையா, அளவு போதவில்லையா என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.